பங்குதாரர் சம்பளம், மூலதன வட்டி: வரம்பைத் தாண்டியதாக நோட்டீஸ் வந்தால்

கூட்டாகத் தொழில் நடத்துபவர்களுக்கு வருமான வரித்துறையிலிருந்து வரும் நோட்டீஸ்களில் ஒன்று அவர்களை மிகவும் குழப்புகிறது. பங்குதாரர்களுக்குக் கொடுத்த சம்பளத்திலும் மூலதன வட்டியிலும் இவ்வளவு தொகையை ஏற்க முடியாது, அதை நிறுவனத்தின் வருமானத்தோடு கூட்டப் போகிறோம் என்கிறது அந்த நோட்டீஸ். "எங்கள் கடை, எங்கள் பணம், நாங்களே எடுத்துக்கொண்ட சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு எங்கள் பேரில் வரியும் கட்டிவிட்டோம். இதில் தவறு எங்கே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவில் இருக்கிறது.

வரித்துறையின் பார்வையில் கூட்டு நிறுவனம் தனி ஆள். பங்குதாரர்கள் வேறு ஆட்கள். நிறுவனம் தன் லாபத்துக்கு 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீதச் செஸ்ஸும் கட்டுகிறது. முதல் ரூபாயிலிருந்தே இந்த விகிதம்தான், அடுக்கு கிடையாது. வரி கட்டியபின் மிஞ்சும் லாபத்தைப் பங்குதாரர்கள் பிரித்துக்கொண்டால் அவர்கள் கையில் அதற்கு மறுபடி வரி இல்லை. ஆனால் லாபமாகப் பிரிக்காமல் சம்பளமாகவோ வட்டியாகவோ கொடுத்தால், நிறுவனத்துக்கு அது செலவு, பங்குதாரருக்கு அது வருமானம். பங்குதாரரின் வரி அடுக்கு குறைவாக இருக்கும்போது எல்லாவற்றையும் சம்பளமாக எழுதிவிட்டால் வரி வெகுவாகக் குறையும். அதனால்தான் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40(பி) பிரிவு இதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது.

வட்டிக்கு எல்லை எளிது: ஆண்டுக்கு 12 சதவீதத் தனிவட்டி. மூலதனத்துக்குக் கொடுத்தாலும் சரி, பங்குதாரர் தனியாகக் கொடுத்த கடனுக்குக் கொடுத்தாலும் சரி, 12-க்கு மேல் போனது செலவாகாது. உழைக்காத பங்குதாரருக்கும் வட்டி கொடுக்கலாம். ஆனால் வட்டி உண்டு என்று கூட்டு ஒப்பந்தத்தில், அதாவது பார்ட்னர்ஷிப் டீடில், எழுதியிருக்க வேண்டும். டீடில் 9 சதவீதம் என்றிருந்து 12 கொடுத்தால் 9 மட்டுமே செல்லும். டீடில் வட்டி பற்றிய பேச்சே இல்லையென்றால் எதுவும் செல்லாது.

சம்பளத்துக்கு எல்லை கொஞ்சம் நீளம். முதலாவது, உழைக்கும் பங்குதாரருக்கு மட்டுமே சம்பளம். நிறுவனத்தின் தொழிலை நடத்துவதில் முனைப்பாக ஈடுபடும் தனிநபர் என்று சட்டம் அவரை விளக்குகிறது. முழுநேரமும் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டாவது, டீட் அதை அனுமதித்திருக்க வேண்டும். அதுவும் டீட் எழுதிய தேதியிலிருந்துதான். மார்ச்சில் டீடைத் திருத்திவிட்டு முந்தைய ஏப்ரலிலிருந்து சம்பளம் என்று எழுதினால், திருத்தத்துக்கு முந்தைய மாதங்களுக்கான சம்பளம் போய்விடும். மூன்றாவது, எல்லோருடைய சம்பளமும் சேர்ந்து 'புத்தக லாப'த்தின் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அந்தப் பங்கு 2024-25 நிதியாண்டிலிருந்து, அதாவது 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, மாறிவிட்டது. இப்போது முதல் 6 லட்சம் ரூபாய் புத்தக லாபத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், இரண்டில் எது அதிகமோ அது. நட்டம் வந்த ஆண்டிலும் இந்த 3 லட்சம் வரை உண்டு. 6 லட்சத்துக்கு மேற்பட்ட மீதிக்கு 60 சதவீதம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் முதல் அடுக்கு 3 லட்சமாகவும் குறைந்தபட்சத் தொகை 1,50,000 ஆகவும் இருந்தன. இப்போது வருகிற நோட்டீஸ்களில் சில இந்த மாற்றத்தைக் கவனிக்காததால் வருபவை.

ஓர் உதாரணத்தை எடுத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஈரோட்டில் மூன்று பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். அண்ணன், தம்பி இருவரும் கடையைப் பார்க்கிறார்கள். அவர்களுடைய மைத்துனர் பணம் போட்டதோடு சரி. வெளியூரில் வேறு வேலையில் இருக்கிறார். மூவரின் மூலதனமும் சேர்ந்து 20 லட்சம். டீடில் மூலதனத்துக்கு 15 சதவீத வட்டி. அண்ணன் தம்பிக்கு மாதம் ஆளுக்கு 40,000 ரூபாய் சம்பளம். மைத்துனரை உழைக்கும் பங்குதாரராக டீட் குறிப்பிடவில்லை. ஆனாலும் குடும்பப் பேச்சின்படி அவர் கணக்கில் மாதம் 10,000 சம்பளம் என்று எழுதிவந்தார்கள்.

2024-25-இல் வட்டியும் சம்பளமும் கழிக்கும் முன் கடையின் லாபம் 14 லட்சம். வட்டி 3 லட்சம், அண்ணன் தம்பி சம்பளம் 9,60,000, மைத்துனருக்கு 1,20,000. எல்லாம் போக லாப நட்டக் கணக்கில் மிஞ்சியது 20,000. ஆண்டு விற்பனை சுமார் 3 கோடி, அதில் ரொக்கம் கணிசமாக இருந்ததால் வரித் தணிக்கை உண்டு. கணக்காளர் ரிட்டர்னில் வருமானம் 20,000 என்று போட்டார். ஆடிட்டரோ தம் 3சிடி அறிக்கையின் 21(சி) பகுதியில் 40(பி)-யின்படி ஏற்கத் தகாத தொகை 3,54,000 என்று எழுதினார். இரண்டு தாள்களும் ஒன்றோடொன்று பேசவில்லை.

பெங்களூரில் உள்ள வரித்துறையின் மையச் செயலாக்க மையம் ரிட்டர்னையும் தணிக்கை அறிக்கையையும் கணினியில் ஒப்பிடுகிறது. அறிக்கையில் ஏற்கத் தகாதது என்று காட்டிய செலவு ரிட்டர்னில் கூட்டப்படவில்லை என்று தெரிந்ததும், 143(1)(ஏ) பிரிவின் கீழ், வருமானத்தில் 3,54,000 கூட்ட உத்தேசித்திருக்கிறோம் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. இது இன்னும் வரிக்கேட்பு இல்லை. பதில் சொல்ல 30 நாள் அவகாசம்; அறிவிப்பு வெளியான நாளிலிருந்து அதை எண்ணுகிறார்கள். பதில் போனால் அதைப் பரிசீலித்த பிறகுதான் அவர்கள் கூட்ட முடியும். பதில் போகாவிட்டால் தாமாகவே கூட்டி, வட்டியோடு வரி கேட்பார்கள். நோட்டீஸ் வந்த மின்னஞ்சல் முகவரி பழைய கணக்காளருடையதாக இருப்பதும், யாரும் பார்க்காமல் 30 நாள் கடந்துபோவதும் அடிக்கடி நடக்கிறது. நிறுவனத்தின் பெயரில் உள்நுழைந்து அந்த முகவரியை முதலில் சரிபார்ப்பது நல்லது.

இப்போது கணக்கு. இதில் தடுமாறும் இடம் புத்தக லாபம்தான். லாப நட்டக் கணக்கின் கடைசி வரியில் நிற்கும் 20,000 புத்தக லாபம் இல்லை. வரிச் சட்டப்படி திருத்திய லாபத்தோடு பங்குதாரர்கள் எல்லோருக்கும் எழுதிய சம்பளத்தைத் திரும்பக் கூட்ட வேண்டும். மைத்துனருக்கு எழுதியதும் இதில் சேரும். வட்டியில் 12 சதவீதம் வரையிலான 2,40,000 கழிந்தபடியே இருக்கும். அதற்கு மேற்பட்ட 60,000 செலவாக ஏற்கப்படாததால் அதுவும் லாபத்தில் திரும்பச் சேரும். ஆக 20,000 கூட்டல் 10,80,000 கூட்டல் 60,000. புத்தக லாபம் 11,60,000. சரிபார்க்க வேண்டுமென்றால் 14 லட்சத்திலிருந்து 2,40,000-ஐக் கழித்துப் பாருங்கள், அதே தொகை வரும்.

இதில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் 5,40,000. மீதி 5,60,000-க்கு 60 சதவீதம் 3,36,000. சம்பளத்துக்கான எல்லை மொத்தம் 8,76,000. அண்ணன் தம்பிக்கு டீட்படி கொடுத்தது 9,60,000. ஆகவே 84,000 அதிகம். மைத்துனரின் 1,20,000 எல்லைக்குள் வரும் தொகையே இல்லை, முழுதும் போகும். வட்டியில் 60,000 போகும். ஏற்கத் தகாத மொத்தம் 2,64,000. கடையின் உண்மையான வருமானம் 2,84,000.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதிக வட்டியான 60,000-ஐப் புத்தக லாபத்தில் திரும்பக் கூட்ட மறந்தால் சம்பள எல்லை 8,40,000 ஆகக் குறைந்து, 36,000 ரூபாய் அநியாயமாகப் போயிருக்கும். வட்டியில் இழந்ததன் ஒரு பகுதியைச் சம்பளத்தில் திரும்பப் பெறச் சட்டமே வழி விட்டிருக்கிறது, கணக்கை வரிசையாகப் போட்டால் போதும்.

அப்படியானால் ஆடிட்டரின் 3,54,000 எங்கிருந்து வந்தது? அவருடைய அலுவலகத்தின் கணக்குப் படிவத்தில் பழைய அடுக்கே இருந்திருக்கிறது. முதல் 3 லட்சத்துக்கு 2,70,000, மீதி 8,60,000-க்கு 5,16,000, மொத்தம் 7,86,000. அதனால் அதிகச் சம்பளம் 84,000-க்குப் பதில் 1,74,000 ஆகிவிட்டது. வித்தியாசம் 90,000. நோட்டீஸை அப்படியே ஒப்புக்கொண்டால் இந்த 90,000-க்கு 28,080 ரூபாய் வரி வீணாகக் கட்ட நேரும். நோட்டீஸை முழுதாக மறுத்தால் அதுவும் பொய். 2,64,000 உண்மையில் கூட்ட வேண்டியதே. நோட்டீஸ் வந்தவுடன் 'ஒப்புக்கொள்கிறேன்' என்றோ 'மறுக்கிறேன்' என்றோ ஒரே சொல்லில் பதிலளிக்கத் துடிப்பதுதான் இந்த விவகாரத்தில் பெரிய ஆபத்து.

பதில் அனுப்ப வருமான வரி இணையதளத்தில் நிறுவனத்தின் பான் எண்ணால் உள்நுழைந்து, Pending Actions என்ற தலைப்பின் கீழ் e-Proceedings பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே உத்தேசக் கூட்டல் காட்டப்பட்டிருக்கும். நம் கடையின் நிலைமையில், நோட்டீஸில் உள்ள முழுத் தொகையையும் ஏற்கவில்லை என்று பதிவு செய்து, ஏற்கும் தொகை எவ்வளவு, ஏற்காத தொகை எவ்வளவு, ஏன் என்பதை விளக்கத்தில் பிரித்து எழுத வேண்டும். விளக்கம் நீளமாக இருக்க வேண்டாம். இந்த அளவே போதும்:

"2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு உத்தேசித்துள்ள 3,54,000 ரூபாயில் 2,64,000-ஐ ஏற்கிறோம். இது 12 சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டி 60,000, உழைக்கும் பங்குதாரராக அல்லாதவரின் சம்பளம் 1,20,000, எல்லைக்கு மேற்பட்ட சம்பளம் 84,000 ஆகியவை சேர்ந்தது. மீதி 90,000-ஐ ஏற்கவில்லை. தணிக்கை அறிக்கையின் 21(சி) பகுதியில் இந்த ஆண்டுக்குப் பொருந்தாத பழைய அடுக்கின்படி எல்லை கணக்கிடப்பட்டுள்ளது. 2024-ஆம் ஆண்டின் நிதி (எண் 2) சட்டத்தால் திருத்தப்பட்ட 40(பி)-யின்படி புத்தக லாபம் 11,60,000-க்கு எல்லை 8,76,000. கணக்கு விவரம், டீடின் சான்று நகல், லாப நட்டக் கணக்கு, பங்குதாரர் மூலதனக் கணக்குகள் இணைக்கப்பட்டுள்ளன."

இதோடு வேலை முடிவதில்லை. ரிட்டர்னைத் திருத்திச் சமர்ப்பிக்கக் காலம் இருந்தால் 2,84,000 வருமானத்துடன் திருத்திய ரிட்டர்ன் போட்டு, வரியையும் வட்டியையும் கட்டிவிடுவதுதான் சுத்தமான வழி. ஆடிட்டரிடமும் 21(சி) கணக்கைச் சரிசெய்து திருத்திய அறிக்கை தர முடியுமா என்று கேட்க வேண்டும். கணினி படிப்பது அறிக்கையில் உள்ள எண்ணைத்தான். அது அங்கே தவறாகவே நின்றால் நம் விளக்கம் சரியாக இருந்தும் கூட்டல் வந்துவிடலாம். அப்படி வந்தால் 154 பிரிவின் கீழ் பிழைதிருத்தம் கேட்கலாம், அல்லது 30 நாளுக்குள் படிவம் 35-இல் ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். பதில் அனுப்பியதற்கான ஒப்புகைச் சீட்டை அப்போது கேட்பார்கள், பத்திரமாக வைத்திருங்கள்.

எண்ணைவிடச் சிக்கலான இன்னொரு வகை நோட்டீஸும் இருக்கிறது. விரிவான ஆய்வுக்கு 143(2) பிரிவில் நோட்டீஸ் வந்து, அதன்பின் 142(1)-இல் டீடைக் கேட்பார்கள். அங்கே சண்டை பெரும்பாலும் டீடின் ஒரு வரியைப் பற்றியது. "பங்குதாரர்கள் அவ்வப்போது கூடிப் பேசி முடிவு செய்யும் சம்பளம்" என்று பல டீட்களில் எழுதியிருக்கிறார்கள். மத்திய நேரடி வரிகள் வாரியம் 1996 மார்ச் 25-இல் வெளியிட்ட 739-ஆம் சுற்றறிக்கை, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்ற தொகையோ, தொகையைக் கணக்கிடும் முறையோ டீடிலேயே இருக்க வேண்டும் என்கிறது. சூட் பிரிஜ் வழக்கில் 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தெளிவில்லாத டீடை ஏற்க மறுத்து வரித்துறையின் பக்கம் நின்றது. அதே நீதிமன்றம் வைஷ் அசோசியேட்ஸ் வழக்கில் 2015-இல், கணக்கிடும் முறை டீடிலிருந்தே தெரிய வந்ததால் சம்பளத்தை அனுமதித்தது. துர்கா தாஸ் தேவகி நந்தன் வழக்கில் இமாச்சல உயர் நீதிமன்றம், 40(பி) எல்லைப்படி சம்பளம் என்று டீட் சொன்னதே போதும் என்றது. ஆகவே ஆய்வு நோட்டீஸுக்குப் பதில் எழுதும்போது எல்லைக் கணக்கை மட்டும் நீட்டினால் போதாது. டீடின் எந்தப் பத்தி தொகையை அல்லது முறையைத் தருகிறது என்று எண்ணைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். உழைக்கும் பங்குதாரரா என்ற கேள்வி வந்தால் வங்கியில் கையெழுத்திடுபவர் யார், கொள்முதல் யார் செய்கிறார், ஜிஎஸ்டி பதிவில் யார் பெயர் என்பவை சான்றாகும். நோட்டீஸுக்குப் பதிலே தராமல் இருப்பது இங்கே மிகவும் கேடு. 144 பிரிவின் கீழ் அதிகாரி தாமே மதிப்பிடும்படி விட்டால், 184(5) பிரிவின்படி எல்லைக்கு உட்பட்ட சம்பளமும் வட்டியும்கூட அந்த ஆண்டுக்கு முழுதாகப் பறிபோகலாம்.

கடை தன் வரியைக் கட்டியதோடு எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள். அங்கேதான் பணம் போகிறது. மைத்துனர் அந்த 1,20,000-ஐத் தம் ரிட்டர்னில் வருமானமாகக் காட்டி வரி கட்டியிருப்பார். 30 சதவீத அடுக்கில் இருந்தால் செஸ்ஸுடன் 37,440 ரூபாய். இப்போது அதே தொகைக்குக் கடையும் 37,440 கட்டுகிறது. ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி வாங்கச் சட்டம் விரும்பவில்லை. 28(v) பிரிவு, நிறுவனத்தில் 40(பி)-யால் ஏற்கப்படாத தொகையைப் பங்குதாரரின் வருமானத்திலிருந்து அந்த அளவுக்குக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. மைத்துனருக்கு 1,20,000 முழுதும் குறையும். அண்ணன் தம்பி இருவருக்கும் சம பங்கில் ஆளுக்கு 42,000 குறையும். அதிக வட்டி 60,000 மூவருக்கும் மூலதன விகிதத்தில் குறையும். இதை யாரும் தாமாகச் செய்துதர மாட்டார்கள். பங்குதாரர்கள்தான் தங்கள் ரிட்டர்னைத் திருத்த வேண்டும். திருத்தும் காலம் கடந்திருந்தால் 264 பிரிவின் கீழ் ஆணையரிடம் ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். நிறுவனத்தின் மீதான மதிப்பீட்டு ஆணையில் சம்பளம் மறுக்கப்பட்டிருந்தால், பங்குதாரரின் மதிப்பீட்டைத் திருத்த 155(1ஏ) பிரிவு தனி வழி தருகிறது.

2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு கடமையும் சேர்ந்திருக்கிறது. ஒரு பங்குதாரருக்குச் சம்பளம், போனஸ், கமிஷன், வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 194டி பிரிவின் கீழ் 10 சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். பிடித்தம் முழுத் தொகைக்கும். எல்லையைத் தாண்டிய பகுதிக்கு விலக்கு இல்லை. அதனால் பங்குதாரரின் 26ஏஎஸ்ஸில் பெரிய தொகையும் ரிட்டர்னில் சிறிய தொகையும் தெரியும். வித்தியாசம் கேட்டு அவருக்கும் ஒரு நோட்டீஸ் வரலாம். நிறுவனத்தின் 40(பி) கணக்கின் நகல் ஒவ்வொரு பங்குதாரரிடமும் இருந்தால் அதற்குப் பதில் எளிது. 2026 ஏப்ரல் 1-இல் தொடங்கும் ஆண்டுகளுக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும், பிரிவு எண்கள் மாறும். முந்தைய ஆண்டுகளுக்கான நோட்டீஸுக்கு 1961 சட்டத்தின் பிரிவுகளைச் சொல்லியே பதில் எழுத வேண்டும்.

கூட்டாகத் தொழில் செய்கிறவர்கள் தங்கள் டீடில் சம்பளப் பத்தியை எடுத்து ஒருமுறை வாசியுங்கள். பழைய 3 லட்சம், 1,50,000 என்ற எண்களே அதில் எழுதியிருந்தால், சட்டம் எல்லையை உயர்த்தியும் உங்கள் டீட் உங்களைப் பழைய எல்லையிலேயே கட்டிப்போட்டிருக்கிறது. எண்களுக்குப் பதில் "வருமான வரிச் சட்டம் அவ்வப்போது அனுமதிக்கும் உச்ச அளவு" என்றும், அதை உழைக்கும் பங்குதாரர்கள் எந்த விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள் என்றும் எழுதித் திருத்துங்கள். திருத்தம் கையெழுத்தான நாளிலிருந்துதான் செல்லும். ஆகவே ஆண்டின் முதல் நாளான ஏப்ரல் 1-க்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.